துக்க வீட்டில் நட்சத்திரம் தொங்கவிடலாமா?



வருகையின் காலம் தொடங்கும்போதெல்லாம் நம் சபையில் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். "ஐயா, இந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்துவிட்டது. நட்சத்திரம் கட்டலாமா? பிள்ளைகள் குடில் வைக்க வேண்டும் என்கிறார்கள், வைக்கலாமா?" திருநெல்வேலிச் சீமையிலும் குமரிப் பக்கத்திலும் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தயக்கம் ஏன் என்று சொல்லத் தேவையில்லை. மரணம் நேர்ந்த வீட்டார் அந்த ஆண்டின் கிறிஸ்துமஸுக்கு வாசலில் நட்சத்திரம் ஏற்றுவதில்லை; அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை; பலகாரம் உறவினர் வீட்டிலிருந்து வரும். இது பல குடும்பங்களில் எழுதாத சட்டமாக நிற்கிறது.

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட எனக்கு மனமில்லை. நட்சத்திரம் என்பது என்ன, குடில் என்பது என்ன என்று முதலில் பார்த்துக்கொண்டால் பதில் தானாகவே தெளியும். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தையும் லூக்கா இரண்டாம் அதிகாரத்தையும் திறந்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நட்சத்திரம். இன்று கடையில் மடித்து விற்கும் தாள் நட்சத்திரங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆயினும் மூங்கில் பிளாச்சில் கட்டிய நட்சத்திரம் நம் ஊர்களில் இன்னும் மறைந்துவிடவில்லை. அதைக் கட்டும் முறை எளியது. ஆனால் அளவில் ஒரு நுட்பம் உண்டு. மூன்றடி நீளமும் அரை அங்குல அகலமும் உள்ள பிளாச்சுகள் பத்து வேண்டும். ஐந்தைக் கொண்டு ஒரு நட்சத்திரம், மற்ற ஐந்தைக் கொண்டு இன்னொன்று. ஒவ்வொரு பிளாச்சிலும் இரு முனைகளிலிருந்தும் பதின்மூன்றே முக்கால் அங்குலத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் எட்டரை அங்குலம் எஞ்சும். பிளாச்சுகள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கும் இடங்கள் அந்தக் கோடுகள்தாம். கோட்டின்மேல் கோடு பொருந்தினால் ஐந்து கைகளும் சமமாக நிற்கும். கோடு போடாமல் கண்மதிப்பில் கட்டினால் ஒரு கை நீண்டு மற்றொன்று குறுகும். தாள் ஒட்டும்போது சுருக்கம் விழுந்து அதைக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு சட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து முனைகளையும் சணலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு உள்ளே பிளாச்சுகள் கடக்கும் ஐந்து இடங்களிலும் ஆறு அங்குலக் குச்சி ஒவ்வொன்றை, முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே முட்டுக்கொடுத்துக் கட்ட வேண்டும். அதுவரை தட்டையாகக் கிடந்த சட்டம் அப்போது தலையணைபோல் இருபுறமும் எழும்பும். முனை கூர்மையாகவும் நடு பருத்தும் இருக்கும் அந்த வடிவம் இந்த ஐந்து குச்சிகளால் வருவது.

தாள் ஒட்டும்போது பின்புறத்து நடுப்பகுதியை மட்டும் ஒட்டாமல் விட்டுவிடுங்கள். விளக்கை உள்ளே வைக்கவும் மாற்றவும் அதுவே வாசல். உள்ளே சேரும் சூடு வெளியேறும் வழியும் அதுவே. இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆறு அங்குல ஆழத்தின் நடுவில் தொங்கும் பல்புக்கும் முன்புறத் தாளுக்கும் இடையே இரண்டு அங்குலம்கூட இருக்காது. பழைய இழை பல்பு நாற்பது வாட் ஆனாலும் அதில் பெரும்பகுதி சூடாகவே வெளிப்படும். காற்றில் பல்பு ஆடித் தாளைத் தொட்டுக்கொண்டு நின்றால் முதலில் அவ்விடம் பழுப்பேறும், பிறகு கருகும், அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்து அல்லது ஏழு வாட் எல்.இ.டி. பல்பு போதும். அதையும் ஒரு குறுக்குக் குச்சியில் அசையாமல் கட்டிவிடுங்கள். டிசம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆகவே ஹோல்டரின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். வயர் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். வயர்வழி ஓடிவரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சுவிட்சுக்குப் போகாது. மேல்முனையை மட்டும் கட்டித் தொங்கவிட்டால் நட்சத்திரம் காற்றில் சுழன்று வயரை முறுக்கும். கீழ்முனைகள் இரண்டிலும் கயிறு கட்டித் தூணோடு இழுத்துவிட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு ஏற்றும் இந்த விளக்கின் வேலை என்ன? கீதப் பவனி வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரவு பத்து மணிக்குமேல், தெருவிளக்கு சரியாக எரியாத ஊர்களில், எந்த வீட்டில் நின்று பாடுவது என்று அவர்களுக்குச் சொல்வது வாசல் நட்சத்திரம்தான். வேதத்திலும் நட்சத்திரம் அதே வேலையைத்தான் செய்தது. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளுக்கு அது வழிகாட்டியாக இருந்தது. அவர்கள் எருசலேமுக்குப் போய் விசாரித்தார்கள். அங்கிருந்து புறப்பட்டபோது நட்சத்திரத்தை மறுபடியும் கண்டு மிகுந்த சந்தோஷமடைந்தார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். இருட்டில் வழி தேடி அலைந்தவர்களுடைய சந்தோஷம் அது.

அதே அதிகாரத்தை இன்னும் சில வசனங்கள் தொடர்ந்து வாசியுங்கள். நாம் கிறிஸ்துமஸ் ஆராதனையில் பெரும்பாலும் வாசிக்காமல் நிறுத்திவிடும் பகுதி அது. எரோது பெத்லெகேமின் குழந்தைகளைக் கொல்லுகிறான். எரேமியா தீர்க்கதரிசி சொன்ன ராகேலின் அழுகை அங்கே கேட்கிறது. தேற்ற முடியாத தாயின் அழுகை. எந்த ஊருக்கு நட்சத்திரம் வழிகாட்டியதோ, அந்த ஊர் துக்க ஊராயிற்று. நற்செய்தியாளர் இரண்டையும் ஒரே அதிகாரத்தில் வைத்திருக்கிறார். நம்முடைய கடற்கரைச் சபைகளுக்கு இது புதிதன்று. 2004 டிசம்பர் 26 காலையில் குளச்சலிலும் நாகப்பட்டினத்திலும் அலை வந்தபோது முந்தைய நாளின் நட்சத்திரங்கள் வாசல்களில் இறக்கப்படாமல் இருந்தன. அந்தக் கரைகளில் பண்டிகையும் நினைவுநாளும் ஒரு நாள் இடைவெளியில்தான் இன்றும் வருகின்றன.

இனிக் குடிலுக்கு வருவோம். நட்சத்திரம் வாசலில் நின்று வெளியாருக்குச் சொல்லுகிறது. குடிலோ வீட்டுக்குள் இருந்து வீட்டாருக்கே சொல்லுகிறது. 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசியின் பிரான்சிஸ் ஒரு முன்னணையையும் வைக்கோலையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டு கிறிஸ்துமஸ் இரவை நினைவுகூர்ந்தார். குடில் வைக்கும் வழக்கத்துக்குப் பெரிதும் உயிர் கொடுத்த நிகழ்ச்சி அது. கத்தோலிக்கச் சகோதரர்களின் வீடுகளில் குடில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. நம்முடைய முன்னோர் சிலர் உருவங்கள் வைக்கத் தயங்கி, நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இப்போது நம் வீடுகளிலும் பெரும்பாலும் பிள்ளைகளின் கையால் குடில் எழும்புகிறது. வணங்குவதற்கு என்று ஒருவரும் அதை வைப்பதில்லை. கதை சொல்லவே வைக்கிறோம். ஆகவே கதையைச் சரியாகச் சொல்லுகிறதா என்று பார்ப்பது நம் கடமை.

மாடும் கழுதையும் லூக்காவில் இல்லை. முன்னணை என்ற சொல் மட்டுமே இருக்கிறது. தன் எஜமானையும் அவர் முன்னணையையும் மாடும் கழுதையும் அறிந்திருக்க, ஜனங்களோ அறியவில்லை என்று ஏசாயா தன் முதல் அதிகாரத்தில் புலம்பியதை நினைத்தே சபை பழங்காலத்தில் அவற்றைக் குழந்தையின் அருகே நிறுத்தியது. சாஸ்திரிகள் மூவர் என்பதும் வேதத்தில் இல்லை. காணிக்கைகள் மூன்று என்பதால் அப்படிக் கொண்டோம். அவர்கள் வந்து சேர்ந்த இடத்தை மத்தேயு வீடு என்றே சொல்லுகிறார். மேய்ப்பர்களோ அந்த இரவிலேயே வந்துவிட்டார்கள். ஆகவே எல்லா உருவங்களையும் முதல் நாளே கூட்டமாக நிறுத்திவிட்டால் கதையின் நடை போய்விடுகிறது.

அந்த நடையைக் காத்துக் குடில் கட்டும் முறை ஒன்று உண்டு. டிசம்பர் முதல் வாரத்தில் தொழுவத்தை மட்டும் எழுப்புங்கள். நான்கு குச்சிகள், மேலே பனையோலை, கீழே வைக்கோல் போதும். கசக்கிய பழுப்புத்தாளில் மண்நிறம் பூசினால் குன்று தயார். முன்னணையை வைத்து, அதை வெறுமையாக விட்டுவிடுங்கள். 12, 13 தேதிவாக்கில் ஒரு தாழ்ந்த தட்டில் ஈரமண் பரப்பிக் கேழ்வரகை நெருக்கமாகத் தூவி மெல்லிய மண்ணால் மூடுங்கள். நான்கைந்து நாளில் முளை தெரியும். கிறிஸ்துமஸுக்குள் மெல்லிய புல்வெளியாக நிற்கும். ஒரு நாளைக்கு இருமுறை நீர் தெளித்தால் போதும். ஊற்றினால் வேர் அழுகிப் பயிர் படுத்துவிடும். குடிலின் மூலையில் இருட்டில் வைத்தால் மஞ்சளாக நீண்டு வளரும். ஆகவே 24ஆம் தேதிவரை தட்டு சன்னலோரத்திலேயே இருக்கட்டும்.

24 இரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், வீட்டின் கடைக்குட்டி குழந்தையை முன்னணையில் வைக்கட்டும். மேய்ப்பர்கள் அப்போது வரட்டும். சாஸ்திரிகளைச் சில வீடுகளில் வீட்டின் தொலைவான ஓர் அலமாரியில் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி 6 பிரசன்னத் திருநாளன்று குடிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அன்றுவரை வாசல் நட்சத்திரமும் எரிய வேண்டியதே. வழிப்போக்கர் வந்து சேருமுன் விளக்கை அணைப்பது முறையன்று.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த ஓர் ஊரில் ஒரு குடும்பத் தலைவர் செப்டம்பர் மாதத்தில் இறந்துபோனார். ஆண்டுதோறும் நட்சத்திரம் கட்டுகிறவர் அவரே. கல்லூரியில் படித்த மகளும் ஏழு வயது மகனும் அவர்களுடைய தாயும் எஞ்சினார்கள். டிசம்பர் பிறந்ததும் சிறுவன் கேட்டான், "அம்மா, அப்பா இல்லாட்டி நம்ம வீட்டுக்கு நட்சத்திரம் இல்லையா?" தாயால் பதில் சொல்ல முடியவில்லை. பெரியவர்கள் சிலர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் அன்பு இருந்தது. இறந்தவருக்குக் காட்டும் மரியாதை அது என்றார்கள்.

மகள் பரணிலிருந்து பழைய சட்டத்தை இறக்கினாள். தாள் கிழிந்து, மூன்று பிளாச்சுகள் ஒடிந்திருந்தன. மீதிப் பிளாச்சுகளில் தகப்பனார் பென்சிலால் போட்ட கோடுகள் அழியாமல் இருந்தன. புதுப் பிளாச்சை ஒரு பழைய பிளாச்சோடு சேர்த்து வைத்து அந்தக் கோட்டைப் பார்த்தே கோடு போட்டாள். முன்சட்டம் ஒரே நாளில் பொருந்திவிட்டது. பின்சட்டத்தில் ஒரு முட்டுக்குச்சியைச் சற்று நீளமாக வெட்டிவிட்டதால் ஒரு பக்கம் மட்டும் புடைத்து நின்றது. அதை அவிழ்த்து மற்ற நான்கின் அளவுக்கு வெட்டிக் கட்டினாள். வண்ணத்தாள் வேண்டாம் என்று தாய் சொன்னதால் வெள்ளைத்தாள் ஒட்டினார்கள். சீரியல் விளக்குகள் இல்லை. ஒரு சிறிய எல்.இ.டி. பல்பு மட்டும்.

குடிலையும் சிறுவன் வைத்தான். முன்னணை வெறுமையாக இருந்த அந்த மூன்று வாரமும், "எப்ப வருவாங்க?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான் என்று தாய் பிறகு என்னிடம் சொன்னார்கள். அவன் யாரைக் கேட்டான் என்று தமக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்றும், குழந்தை இயேசுவை என்றே எடுத்துக்கொண்டு தேதியைச் சொல்லி வந்ததாகவும் சொன்னார்கள்.

கீதப் பவனி அந்தத் தெருவுக்கு வந்தபோது வாலிபர்கள் குழம்பி நின்றார்கள். துக்க வீடு என்று தெரியும், நட்சத்திரமோ எரிகிறது. மூப்பர் ஒருவர் மேளத்தைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு முன்னால் போனார். எல்லோரும் உள்ளே போய் மெல்லிய குரலில் ஒரு பாடல் பாடி, ஜெபம் செய்து, கைகூப்பிப் புறப்பட்டார்கள். மறுநாள் காலையிலிருந்து அக்கம்பக்கத்து வீடுகளின் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தன. இந்து வீட்டார் இருவரும் கொண்டுவந்தார்கள்.

அன்பானவர்களே, இதிலிருந்து நான் ஒரு புதிய சட்டம் செய்யவில்லை. துக்க வீட்டார் நட்சத்திரம் ஏற்றியே ஆக வேண்டும் என்று வேதம் சொல்லவில்லை. ஏற்றக் கூடாது என்றும் சொல்லவில்லை. ஏற்றாமல் இருப்பதிலும் ஒரு நன்மை உண்டு. வரிசையாக எரியும் வாசல்களின் நடுவே இருண்டிருக்கும் ஒரு வாசல், இங்கே அழுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஊருக்குச் சொல்லுகிறது. ஆனால் அந்தச் செய்தியை வாசித்தபின் நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. மரியாதை என்ற பெயரில் பாடாமல், நுழையாமல், அந்த வாசலை மட்டும் தாண்டிப்போனால், வழக்கம் அவர்களைத் தேற்றவில்லை, தனிமைப்படுத்தியது. இருண்ட வாசல் உள்ள வீட்டுக்கே பவனிக்குழு முதலில் போகட்டும். மேளம் வேண்டாம், ஒரு பாடல், ஒரு ஜெபம் போதும்.

ஏற்ற விரும்புகிற துக்க வீட்டாருக்கு நான் சொல்லுவது இது. தாராளமாக ஏற்றுங்கள். நீங்கள் ஏற்றுவது கொண்டாட்டத்தின் விளக்கு அன்று, வழிகாட்டும் விளக்கு. ராகேல் அழுத ஊருக்கே அது வழி காட்டியது. குடிலையும் வையுங்கள். வெறுமையான முன்னணையின் முன்னால் காத்திருப்பது என்னவென்று இந்த ஆண்டு மற்ற எல்லோரையும்விட உங்களுக்கே அதிகம் தெரியும். ஒருவேளை உங்கள் பெரியவர்கள் வருந்துவார்கள் என்றால் அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வாசலில் ஏற்ற மனமில்லாவிட்டால் குடிலின் மேலே ஒரு சிறிய நட்சத்திரம் போதும்.

இந்த வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில், உங்கள் உறவில், இந்த ஆண்டு மரணம் கண்ட வீடு எது என்று எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டில் நட்சத்திரம் கட்டுகிறவர் இறந்தவர்தானா என்று விசாரியுங்கள். அப்படியானால் பத்துப் பிளாச்சும் ஒரு சணல் உருண்டையும் எடுத்துக்கொண்டு போய், "கட்ட விருப்பமா? நான் கூட இருக்கிறேன்" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

ஜெபிப்போம்: இருளில் வழி காட்டின தேவனே, இந்தப் பண்டிகைக்கு அஞ்சி நிற்கிற வீடுகளை நீர் அறிந்திருக்கிறீர். எரிகிற வாசலிலும் இருண்ட வாசலிலும் எங்களை நிற்கச் செய்யும். யாரையும் தாண்டிப் போகாத கால்களை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.